ஜிபிஎஸ் நேரம் 18 நொடி முந்துகிறதா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

ஏரி ஒன்றை ட்ரோனில் அளந்துவிட்டு வந்த நண்பர் இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டார்.

"படமெல்லாம் இடம் மாறிக் கிடக்குதுங்க. ஒரு வரிசை மேற்கே தள்ளி விழுது, அடுத்த வரிசை கிழக்கே தள்ளி விழுது. ரிசீவர் போயிடுச்சா?"

"எவ்வளவு தூரம் தள்ளி?"

"நூத்தி நாப்பது, நூத்தி நாப்பத்தஞ்சு மீட்டர் வரும்."

"ட்ரோன் என்ன வேகத்துல போச்சு?"

"நொடிக்கு எட்டு மீட்டர்."

144-ஐ 8-ஆல் வகுத்தால் 18. ரிசீவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் கையில் இரண்டு கடிகாரங்கள் இருந்தன. கேமரா, உலகப் பொது நேரமான யூடிசியை ஒட்டிய இந்திய நேரத்தில் ஓடியது. பறந்த பாதை ஜிபிஎஸ் நேரத்தில் பதிவாகியிருந்தது. இரண்டுக்கும் நடுவே இன்றைக்குச் சரியாக 18 நொடி இடைவெளி உண்டு. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இந்த வகைக் கோளாறில் ஒரு வசதி இருக்கிறது. பிழை எத்தனை நொடி, எந்தப் பக்கம் என்று தெரிந்தாலே காரணம் பாதி பிடிபட்டுவிடும். 18 என்றால் ஒரு காரணம், 2 என்றால் வேறு, 37 என்றால் இன்னொன்று. அதனால் இதை அறிகுறிவாரியாகவே எழுதுகிறேன். அதற்கு முன்னால் அந்த 18 எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். அது புரியாமல் எண்ணை மட்டும் கூட்டிக் கழித்தால், ஒரு கோளாறு தீர்ந்து அடுத்தது தொடங்கும்.

## 18 எப்படி வந்தது

யூடிசியின் ஒவ்வொரு நொடியும் அணுக் கடிகார நொடிதான். ஆனால் அது பூமியின் சுழற்சியை விட்டு ரொம்பத் தள்ளிப் போகக் கூடாது என்று ஒரு விதி உண்டு. சுழற்சியை வைத்துக் கணக்கிடும் நேரத்துக்கும் யூடிசிக்கும் வித்தியாசம் 0.9 நொடியைத் தாண்டக் கூடாது. பூமி கடிகாரம் போலச் சுழல்வதில்லை. ஒரு நாளைக்கு 2 மில்லி நொடி பிந்தினால், 500 நாளில் ஒரு முழு நொடி சேர்ந்துவிடும். அப்போது யூடிசியில் ஒரு நொடியைச் செருகுவார்கள். அதுதான் லீப் நொடி. கடைசியாக அது வந்தது 2016 டிசம்பர் 31-ஆம் தேதி, `23:59:60` என்று. நம் ஊர்க் கணக்கில் 2017 ஜனவரி 1, காலை 5:29:60.

ஜிபிஎஸ் இந்த வேலையில் சேர்ந்துகொள்வதில்லை. அதன் நேரம் 1980 ஜனவரி 6-ஆம் தேதி நள்ளிரவில் யூடிசியோடு சேர்ந்து தொடங்கியது. அதற்குப் பிறகு ஒரு நொடிகூட நிற்காமல் எண்ணிக்கொண்டே போகிறது. யூடிசி ஒவ்வொரு லீப் நொடிக்கும் ஒரு மூச்சு நின்று கிளம்புகிறது. 1981 ஜூன் முதல் 2016 டிசம்பர் வரை அப்படி 18 தடவை நின்றிருக்கிறது. அதனால் ஜிபிஎஸ் 18 நொடி முன்னால் இருக்கிறது. "முன்னால்" என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் நேரத்திலிருந்து யூடிசிக்குப் போகக் கழிக்க வேண்டும், யூடிசியிலிருந்து ஜிபிஎஸ்ஸுக்குக் கூட்ட வேண்டும்.

ஏன் சேர்ந்துகொள்வதில்லை? இடம் கண்டுபிடிப்பது முழுக்க நேரக் கழித்தல் கணக்கு. ஒளி ஒரு நொடியில் ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது. செயற்கைக்கோள் ஒரு நொடியைச் செருகிய அதே கணத்தில் உலகத்திலுள்ள எல்லா ரிசீவர்களும் பிசகாமல் செருக வேண்டும் என்ற நிபந்தனையை வைப்பதைவிட, செருகாமல் விட்டுவிடுவது எளிது. ரஷ்யாவின் குளோனாஸ் மட்டும் யூடிசியைப் பின்பற்றி லீப் நொடியையும் ஏற்றுக்கொள்கிறது.

வித்தியாசம் ஏன் 17.6 என்றோ 18.3 என்றோ இல்லாமல் முழு எண்ணாக இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. இது இயற்கை தந்த எண் இல்லை, மனிதர்கள் போட்ட ஏற்பாடு. 1972-க்கு முன்னால் யூடிசியைச் சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் சரிசெய்து வந்தார்கள். அந்த ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி 0.107758 நொடி என்ற விநோதமான ஒரு தாவலைக் கொடுத்து, லீப் நொடி சேராத சர்வதேச அணு நேரத்தோடு வித்தியாசத்தைச் சரியாக 10 நொடி ஆக்கினார்கள். அதன்பின் மாற்றம் எதுவானாலும் முழு நொடிதான் என்று முடிவானது. ஜிபிஎஸ் பக்கமும் இப்படித்தான். அமெரிக்கக் கடற்படை வானாய்வகம் வைத்திருக்கும் யூடிசியைப் பார்த்து, முழு நொடிகளை விட்டுவிட்டு, பின்னப் பகுதியை மட்டும் ஒட்ட வைத்துக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டு கடிகாரங்களும் ஒரே கணத்தில் டிக் அடிக்கும், முகப்பில் காட்டும் எண் மட்டும் வேறு.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த 18 நொடிக்கு ஐன்ஸ்டீனைக் காரணம் சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். சார்பியல் விளைவால் செயற்கைக்கோள் கடிகாரம் நாளுக்கு 38 மைக்ரோ நொடி வேகமாக ஓடும் என்பது உண்மை. ஆனால் அதைத் தரையிலிருக்கும்போதே கடிகாரத்தின் அலைவெண்ணைச் சற்றுக் குறைத்து வைத்து ஈடுகட்டிவிடுகிறார்கள். ஈடுகட்டாமல் விட்டிருந்தாலும் 45 ஆண்டுகளில் சேர்வது 0.6 நொடிச் சொச்சம்தான். 18-க்குக் கிட்டவே வராது.

## முதலில் அளந்து பாருங்கள்

கணினியின் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் ரிசீவரைக் குறை சொல்ல வேண்டாம். லினக்ஸில் கணினி நேரத்தைச் சரிசெய்யும் க்ரோனி நிரல் ஓடினால் இதைத் தட்டுங்கள்:

```
chronyc tracking
```

`System time` வரியில் மில்லி நொடிக் கணக்கில் வித்தியாசம் இருந்தால் கணினி சரி. அப்புறம் ரிசீவர் என்ன சொல்கிறது என்பதைக் கணினி நேரத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்:

```
gpspipe -r | grep --line-buffered RMC |
while read l; do date -u +%T; echo "$l"; done
```

`--line-buffered` இல்லாவிட்டால் வரிகள் கொத்தாகச் சேர்ந்து வந்து விழும். அதைப் பார்த்துப் பிழை பத்து நொடி, இருபது நொடி என்று தப்பாக முடிவு கட்டிவிடுவீர்கள். நானே ஒரு தடவை அரை மணி நேரம் அப்படி அலைந்திருக்கிறேன்.

ரிசீவர் நொடிதோறும் அனுப்பும் `RMC` வரியில் முதலில் வரும் எண்தான் நேரம். `050018.00` என்றால் 5 மணி 0 நிமிடம் 18 நொடி. விதிப்படி அது யூடிசி. கணினி `05:00:00` காட்டும்போது ரிசீவர் `050018.00` சொன்னால், அது யூடிசி என்ற பெயரில் ஜிபிஎஸ் நேரத்தை விற்றுக்கொண்டிருக்கிறது. பிழை எத்தனை நொடி, முந்துகிறதா பிந்துகிறதா, நேரம் போகப் போக மாறுகிறதா என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு கீழே வாருங்கள்.

## அறிகுறி: எப்போதும் 18 நொடி முந்துகிறது

இதுதான் அதிகம் வரும் கேஸ். எங்கேயோ வார எண்ணையும் வார நொடியையும் எடுத்து, கழிக்காமல் தேதியாக மாற்றியிருக்கிறார்கள்.

ஜிபிஎஸ் நேரத்தைத் தேதி, மணி என்று வைத்துக்கொள்வதில்லை. 1980 ஜனவரி 6-லிருந்து எத்தனையாவது வாரம், ஞாயிறு நள்ளிரவிலிருந்து எத்தனையாவது நொடி என்ற இரண்டு எண்கள்தான். 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணும் யூனிக்ஸ் நேரத்துக்கு மாற்றும் கணக்கு ஒரே வரி:

```
unix = 315964800 + week*604800 + tow - leap
```

315964800 என்பது 1980 ஜனவரி 6-இன் யூனிக்ஸ் எண். 604800 ஒரு வாரத்தின் நொடிகள். ஒரு பதிவில் வாரம் 2347, வார நொடியான `tow` 277218 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு 86400 நொடி. மூன்று நாளைக்கு 259200 போக 18018 மிச்சம். ஞாயிறிலிருந்து மூன்று நாள் தள்ளினால் புதன், அதாவது 2025 ஜனவரி 1. 18018 நொடி என்பது 5 மணி 0 நிமிடம் 18 நொடி. இது ஜிபிஎஸ் நேரம். 18-ஐக் கழித்தால் யூடிசி 05:00:00, நம் நேரம் காலை 10:30:00. கடைசியில் உள்ள `- leap` விட்டுப்போனால் 10:30:18 என்று வரும். பார்ப்பதற்கு எந்தக் குறையும் தெரியாது. அதனால்தான் இது மாதக்கணக்கில் கண்ணில் படாமல் ஓடுகிறது.

நண்பரின் கேஸ் இதற்குத் தம்பி. அவர் ஆர்டிகேலிப் மென்பொருளில் பாதையைக் கணக்கிட்டு `.pos` கோப்பு எடுத்திருந்தார். அதன் தலைப்பு வரியைப் படிக்கச் சொன்னேன். `%  GPST` என்று தொடங்கியது. படக் கோப்புக்குள் கேமரா பதியும் எக்சிஃப் நேரமோ இந்திய நேரம். அவர் ஐந்தரை மணி நேரத்தை ஒழுங்காகக் கழித்திருந்தார், 18-ஐக் கூட்ட மறந்துவிட்டார். அதனால் ஒவ்வொரு படமும் அது எடுக்கப்படுவதற்கு 18 நொடிக்கு முன்னால் ட்ரோன் இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தது. கிழக்கே போன வரிசை மேற்கே பின்தங்கியது, திரும்பி மேற்கே போன வரிசை கிழக்கே பின்தங்கியது. ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் எடுத்த சில படங்கள் முந்தைய வரிசையின் முடிவில் போய்க் கிடந்தன.

இந்த அடையாளத்தைக் கவனியுங்கள். ஆயத்தொலைவு முறையைத் தப்பாகத் தேர்ந்தெடுத்திருந்தால் எல்லாப் படங்களும் ஒரே திசையில், ஒரே தூரம் நகரும். நேரம் தப்பாக இருந்தால் பறக்கும் திசையைப் பொறுத்துப் பிழையும் திரும்பும், வேகத்தைப் பொறுத்துக் கூடிக் குறையும். அந்தரத்தில் நின்றபடி எடுத்த படத்தில் பிழையே இருக்காது. எதிரெதிர்த் திசையில் பறந்த இரண்டு வரிசைகளை எடுத்து ஒப்பிட்டாலே தெரிந்துவிடும், மற்ற எதையும் சோதிக்க வேண்டியதில்லை.

வெளியீட்டு அமைப்பில் நேர வடிவத்தை `hh:mm:ss UTC` என்று மாற்றி மறுபடி ஓட்டச் சொன்னேன். வரிசைகள் ஒன்று சேர்ந்தன. ஆனாலும் இரண்டு மீட்டர் சொச்சம் பாக்கி இருந்தது. அது லீப் நொடியின் பழி இல்லை. கையால் வைத்த கேமரா கடிகாரம் 0.3 நொடி தள்ளியிருந்தால் 8 மீட்டர் வேகத்தில் 2.4 மீட்டர் வந்துவிடும். முழு நொடிப் பிழையை நீக்கிய பிறகுதான் இந்தச் சில்லறைப் பிழை கண்ணுக்குத் தெரியும். அதற்கு மருந்து வேறு. ஷட்டர் திறக்கும் துடிப்பை ரிசீவரிலேயே பதிய வைக்க வேண்டும்.

## அறிகுறி: 18 நொடி பிந்துகிறது

இரண்டு முறை கழித்திருக்கிறீர்கள். ரிசீவர் ஏற்கெனவே யூடிசியாக மாற்றித் தந்ததில், "ஜிபிஎஸ் நேரம்தானே" என்று மறுபடி 18-ஐக் கழித்திருப்பார்கள். பெயர்கள்தான் இங்கே ஏமாற்றும். படத்தின் எக்சிஃபில் `GPSTimeStamp` என்று ஒரு புலம் உண்டு. பெயரில் ஜிபிஎஸ் இருந்தாலும் தரவிதிப்படி அதில் இருக்க வேண்டியது யூடிசி. `RMC` வரியும் அப்படியே. பெயரைப் பார்க்காமல், கணினிக் கடிகாரத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

## அறிகுறி: ஆன் செய்ததும் சில நொடி தப்பு, சில நிமிடத்தில் தானாகச் சரியாகிறது

எல்லாவற்றிலும் ஏமாற்றுக்காரக் கோளாறு இதுதான். சோதிக்க உட்காரும்போது சரியாகிவிட்டிருக்கும்.

18 என்ற எண்ணைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. பூமி எப்போது பிந்தும் என்பதற்குச் சூத்திரம் இல்லை. 1999-க்கும் 2005 முடிவுக்கும் நடுவே ஏழு ஆண்டுகள் ஒரு லீப் நொடிகூட வரவில்லை. ஆகவே ரிசீவருக்கு இந்த எண்ணை யாராவது சொல்லியாக வேண்டும். செயற்கைக்கோளே சொல்கிறது, ஆனால் நிதானமாகச் சொல்கிறது. பழைய எல்1 சிக்னலில் தகவல் நொடிக்கு 50 பிட் வேகத்தில் வருகிறது. ஒரு சட்டகம் முடிய 30 நொடி. லீப் நொடித் தகவல் நான்காவது உட்சட்டகத்தின் 18-ஆம் பக்கத்தில் இருக்கிறது. மொத்தம் 25 பக்கங்கள் வரிசையாகச் சுற்றி வருவதால் அந்தப் பக்கம் பன்னிரண்டரை நிமிடத்துக்கு ஒரு முறைதான் வரும். பக்க எண்ணும் 18, நொடியும் 18 என்பது தற்செயல், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இடம் கண்டுபிடிக்க அந்தப் பக்கம் தேவையில்லை. அதனால் ஆன் செய்த ஒரு நிமிடத்துக்குள் ரிசீவர் இடத்தைச் சொல்லிவிடும், நேரத்தையும் சொல்லிவிடும். அந்த நேரத்துக்கு எந்த லீப் எண்ணை எடுத்துக்கொண்டது? ஃபர்ம்வேர் எழுதியபோது போட்டு வைத்த எண்ணை. 2014-இல் எழுதிய ஃபர்ம்வேர் என்றால் அதில் 16 இருக்கும். 18 கழிக்க வேண்டிய இடத்தில் 16 கழித்தால் நேரம் 2 நொடி முந்தும். 18-ஆம் பக்கம் வந்து சேர்ந்ததும் சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளும்.

பதிவில் அது இப்படித் தெரியும்:

```
050711.00
050712.00
050711.00
050712.00
```

நேரம் ஓர் அடி பின்னால் வந்து, ஏற்கெனவே சொன்னதை மறுபடி சொல்கிறது. 2 நொடி திருத்தம் என்பதால் 12-க்கு அடுத்து 13 வர வேண்டிய இடத்தில் 11 வந்திருக்கிறது. பதிவுக் கோப்பில் நேரம் பின்னோக்கிப் போகும் வரியைத் தேடினால் போதும், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். திறந்த வெளியில் ஆன்டெனாவை வைத்து, ரிசீவரின் நினைவைத் துடைத்துவிட்டு ஆன் செய்து, கால் மணி நேரம் பதிவு செய்யுங்கள். மரத்தடியில் வைத்தால் அந்தப் பக்கத்தைத் தவறவிட்டு அடுத்த சுற்று வரை காத்திருக்கும். பன்னிரண்டரை நிமிடம் இருபத்தைந்து நிமிடம் ஆகும்.

சரி, மருந்து என்ன? பெரும்பாலான நல்ல ரிசீவர்கள் "நேரம் தெரியும், ஆனால் லீப் எண் உறுதியில்லை" என்பதைத் தனியாகச் சொல்லும். யூ-ப்ளாக்ஸ் வகையில் `UBX-NAV-TIMEUTC` செய்தியில் `validUTC` என்ற கொடி இருக்கிறது. லீப் எண் எங்கிருந்து வந்தது என்பதை `UBX-NAV-TIMELS` செய்தியின் `srcOfCurrLs` சொல்லும். கொடி எழும் வரை வரும் நேரத்தை எதற்கும் பயன்படுத்தாமல் இருப்பதே சரி. `RMC` வரியில் உள்ள `A` என்ற எழுத்தை நம்பிவிடாதீர்கள். இடம் கிடைத்தது என்பதைத்தான் அது சொல்கிறது, லீப் எண் சரி என்று சொல்லவில்லை. பேக்கப் பேட்டரி உள்ள பலகையில் இந்தத் தொல்லை குறையும். போன முறை கேட்ட எண்ணை அது நினைவில் வைத்திருக்கும்.

இந்த ரிசீவரை வைத்து அலுவலகத்தின் நேர சர்வரை ஓட்டுகிறீர்கள் என்றால் விஷயம் தீவிரம். மின்சாரம் போய் வந்த பத்து நிமிடத்துக்கு மொத்த நெட்வொர்க்கும் 2 நொடி முந்தி ஓடும். குறைந்தது மூன்று வெளி நேர சர்வர்களையும் க்ரோனியில் சேர்த்து வையுங்கள். அப்போது `chronyc sources` காட்டும் பட்டியலில் உங்கள் ரிசீவருக்கு முன்னால் `#x` என்று விழும். மற்றவர்களோடு ஒத்துப்போகாத ஆள் என்று ஒதுக்கி வைத்திருக்கிறது என்று பொருள். லீப் எண் திருந்தியதும் `x` போய்விடும்.

## அறிகுறி: புதுத் தரவு சரி, பழைய தரவு 1, 2 நொடி தப்பு

யாரோ நிரலில் 18 என்று நேரடியாக எழுதிவைத்திருக்கிறார்கள். 2014-இல் எடுத்த தரவுக்கு வித்தியாசம் 16 மட்டுமே. 2015 ஜூலை 1 முதல் 17, 2017 ஜனவரி 1 முதல் 18. அதற்குப் பின்னால் போனால் 2012 ஜூலை 1 முதல் 16, 2009 முதல் 15, 2006 முதல் 14. எனவே `leap` ஓர் எண் இல்லை, தேதியைப் பொறுத்த அட்டவணை.

இதற்கு நேரெதிரும் உண்டு. மென்பொருள் பழசு, தரவு புதுசு. ஆர்டிகேலிப் போன்ற நிரல்கள் இந்த அட்டவணையைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கும். 2017-க்கான வரி இல்லாத பழைய பதிப்பை இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தால், இன்றைய தரவு ஒரு நொடி முந்தும். பதிப்பை மாற்றினால் தீர்ந்தது. லினக்ஸ் கணினிகளில் பொதுவாக `leap-seconds.list` என்ற கோப்பு இருக்கும். அதற்குக் காலாவதித் தேதியும் உண்டு. அடுத்த லீப் நொடி உண்டா இல்லையா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாரிஸ் வானாய்வகத்திலிருந்து அறிவிப்பு வருகிறது. இல்லை என்பதையும் அறிவிப்பார்கள். அதனால் புது வரி சேராவிட்டாலும் கோப்பைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

## அறிகுறி: 1 நொடிக்குள் ஊசலாடுகிறது, சில சமயம் சரியாக 1 நொடி

இது லீப் நொடியே இல்லை. ஆனால் லீப் நொடி என்று நினைத்துத்தான் பலரும் என்னிடம் வருகிறார்கள், அதனால் சொல்கிறேன்.

ரிசீவர் நொடி பிறந்த பிறகுதான் கணக்குப் போட்டு வரியை அனுப்பத் தொடங்கும். 9600 பாட் வேகத்தில் நொடிக்கு 960 எழுத்துகள்தான் போகும். இன்றைய ரிசீவர்கள் நாற்பது செயற்கைக்கோள்களைப் பார்க்கின்றன. அவற்றின் பட்டியலைச் சொல்லும் `GSV` வரி ஒவ்வொன்றிலும் நான்கு செயற்கைக்கோள்கள்தான் அடங்கும். பத்துப் பதினோரு வரி, வரிக்கு எழுபது எழுத்து என்றால், மற்ற வரிகளோடு சேர்ந்து அந்த நொடிக்குள் அனுப்பி முடிப்பதே சிரமம். வழிந்தால் இந்த நொடியின் வரி அடுத்த நொடியில் வந்து சேரும்.

அடையாளம் எளிது. பிழை 0.3, 0.6 என்று அலையும், வானத்தில் செயற்கைக்கோள் கூடும்போது ஏறும். லீப் நொடிப் பிழை ஒருபோதும் அப்படி அலையாது. வேகத்தை 115200-க்கு உயர்த்தி, `GSV`, `GSA` வரிகளை அணைத்துவிட்டு, `RMC`-யை மட்டும் விடுங்கள்.

## அறிகுறி: 37, 19, 4, 14

37 என்றால் யாரோ சர்வதேச அணு நேரத்தில் பேசுகிறார்கள். நெட்வொர்க் நேரத்துக்கு பிடிபி என்ற நெறிமுறையைப் பயன்படுத்தும் இடங்களில் இது சகஜம். அதன் இயல்பான அளவு அணு நேரம்தான், யூடிசியாக்க 37 கழிக்க வேண்டும். 19 என்றால் அணு நேரத்தையும் ஜிபிஎஸ் நேரத்தையும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். 1980-இல் தொடங்கும்போது இருந்த 19 அப்படியே உறைந்து நிற்கிறது, இனிமேலும் மாறாது. 19-ம் 18-ம் சேர்ந்ததுதான் 37.

4 அல்லது 14 என்றால் சீனாவின் பெய்டோ. அதன் நேரம் 2006-இல் தொடங்கியதால் யூடிசியைவிட 4 நொடி மட்டும் முன்னால், ஜிபிஎஸ்ஸுக்கு 14 நொடி பின்னால். பல அமைப்புகளையும் சேர்த்துப் படிக்கும் நிரலில் பெய்டோவின் வார நொடியை ஜிபிஎஸ் சூத்திரத்தில் போட்டால் இந்த எண்கள் முளைக்கும். ஐரோப்பாவின் கலிலியோவும் நம் நாவிக்கும் நேரத்தை 1999 ஆகஸ்டிலிருந்து எண்ணுகின்றன. ஆனால் தொடங்கும்போதே அன்றைய 13 நொடி இடைவெளியைச் சேர்த்துக்கொண்டு ஜிபிஎஸ்ஸோடு ஒத்துப்போனதால் அவற்றுக்கும் 18 தான்.

19818 அல்லது 19782 என்று வினோதமாக வந்தால் பயப்பட வேண்டாம். இந்திய நேரத்தின் 19800 நொடியையும் 18-ஐயும் ஒன்றாகக் குழப்பியிருக்கிறார்கள்.

## நாளைக்கு இந்த 18 மாறினால்

2016-க்குப் பிறகு லீப் நொடி வரவில்லை. பூமி அதற்குப் பிறகு கொஞ்சம் வேகம் பிடித்ததால், ஒரு நொடியைச் செருகுவதற்குப் பதில் எடுக்க வேண்டிவருமோ என்ற பேச்சும் இருக்கிறது. எடுத்தால் 18, 17 ஆகும். 2035-க்குள் 0.9 நொடி என்ற வரம்பைத் தளர்த்துவது என்று 2022-இல் எடைகள் மற்றும் அளவைகளுக்கான பொது மாநாடு தீர்மானித்திருக்கிறது. அதுவரை இரண்டு பக்கமும் வாய்ப்பு உண்டு. உங்கள் நிரல் மைனஸ் ஒன்றைத் தாங்குமா என்று ஒரு போலித் தேதியைக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். கூட்டுவதை மட்டும் நினைத்து எழுதிய நிரல்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாற்றம் வருவதாக இருந்தால் அதே 18-ஆம் பக்கத்தில் முன்கூட்டியே தகவல் இருக்கும். இப்போதைய எண் என்ன, வரப்போகும் எண் என்ன, எந்த வாரம், எந்த நாளின் முடிவில் என்று நான்கும் வரும். மாற்றம் எதுவும் இல்லாத காலத்தில் இப்போதைய எண்ணும் வரப்போகும் எண்ணும் ஒன்றாகவே இருக்கும்.

## அறிகுறி: முழு எண்ணே இல்லை, சில மைக்ரோ நொடி

அந்தப் பக்கத்தில் முழு நொடியோடு ஒரு பின்னத் திருத்தமும் வருகிறது. ஜிபிஎஸ் கடிகாரத்துக்கும் யூடிசிக்கும் உள்ள சில நானோ நொடி விலகலை அது சொல்லும். சாதாரண வேலைக்கு யாரும் அதைத் தொட வேண்டியதில்லை. ஆனால் 2016 ஜனவரி 26-ஆம் தேதி பழைய செயற்கைக்கோள் ஒன்றைப் பணியிலிருந்து விலக்கியபோது, தரைக் கட்டுப்பாட்டு மென்பொருளில் இருந்த பிழையால் பல செயற்கைக்கோள்கள் இந்தத் திருத்தத்தை 13 மைக்ரோ நொடி தப்பாக ஒலிபரப்பின. ஒளி 13 மைக்ரோ நொடியில் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் போகும். இடக் கணக்கில் அந்தப் பிழை நுழைந்திருந்தால் அன்று உலகமே வழி தவறியிருக்கும். யாருக்கும் வழி தவறவில்லை, ஏனென்றால் இடக் கணக்கு ஜிபிஎஸ் நேரத்தோடு முடிந்துவிடுகிறது, யூடிசி திருத்தத்தை அது எடுத்துப் பார்ப்பதே இல்லை. நேரத்துக்காக மட்டும் ஜிபிஎஸ்ஸை நம்பியிருந்த நெட்வொர்க் கருவிகளில்தான் அலாரம் அடித்தது. வரைபடம் சரியாகக் காட்டிக்கொண்டே நேர சர்வர் மட்டும் சில மைக்ரோ நொடி தள்ளிப் போனால், ஆன்டெனாவைக் கழற்றும் முன் அன்றைய யூடிசி திருத்த எண்ணை இன்னொரு ரிசீவரின் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.